பாட்டி, காகம், நரி: லூப் இசையில் சறுக்கும் இடங்கள்

பாட்டி வடை சுட்ட கதையைக் குழந்தைகளுக்கான சின்ன கணினி விளையாட்டாகச் செய்தோம். பின்னணி இசை என் தலையில் விழுந்தது. இலவசமாகக் கிடைக்கும் LMMS மென்பொருளில் உட்கார்ந்து இரண்டு நாளில் ஒரு பாட்டுப் போட்டேன். கேட்க நன்றாகவே இருந்தது. பிறகு, பாத்திரம் திரைக்கு வரும்போது ஒலிக்க, பாட்டிக்கு ஒரு மெட்டுத் துணுக்கு, காகத்துக்கு ஒன்று, நரிக்கு ஒன்று என்று மேலே ஒட்டினேன். எல்லாம் சேர்ந்து சந்தைக்கடை ஆகிவிட்டது.

தவறு வரிசையில்தான் இருந்தது. முதலில் பாட்டை முழுசாக அடைத்துவிட்டு, அதன் மேல் பாத்திரங்களுக்கு இடம் தேடினேன். செய்ய வேண்டியது நேர்மாறு: மூன்று துணுக்குகளை முதலில் போட்டு, அவை விட்டுவைக்கும் இடத்தில் லூப்பை, அதாவது ஓயாமல் சுழலும் பின்னணிப் பாட்டை, அமைக்க வேண்டும். லூப் தரை மாதிரி. கோலம் துணுக்குகளுடையது.

துணுக்குகளிலும் முதல் சுற்றில் சொதப்பினேன். மூன்றுமே சம நீளமுள்ள நான்கு நோட்டுகள். பாட்டிக்கு வீணை மாதிரி ஒலி, காகத்துக்குக் குழல், நரிக்குக் கனமான தந்தி. ஒலி வேறாக இருந்தால் ஆள் வேறாகத் தெரிந்துவிடும் என்று நினைத்துக்கொண்டேன். ஹெட்போனில் தெரிந்தது. போன் ஸ்பீக்கரில் மூன்றும் ஒரே டொய்ங் டொய்ங். வாத்திய நிறம்தான் மலிவான ஸ்பீக்கரில் முதலில் அடிபடும். தாளநடை அடிபடாது. அதனால் இப்போது துணுக்கை மேசையில் விரலால் தட்டிப் பார்க்கிறேன். சுரமே இல்லாமல் தட்டும்போதும் எது காகம், எது நரி என்று பக்கத்தில் இருப்பவர் சொல்ல வேண்டும். திருத்திய மூன்றும் இவை. ஒவ்வொரு இடமும் அரை பீட், எட்டு இடம் சேர்ந்தால் ஒரு பார். காற்புள்ளி நீட்சி, கோடு மௌனம்.

```
பாட்டி:  க , , ரி ச , , ,
காகம்:  ப ப - - ப ப த -
நரி:     - த ப - க ப த ,
```

பாட்டி நிதானமாக இறங்கி உட்காருகிறாள். காகம் இரண்டிரண்டாகக் கரைகிறது. நரி முதல் தட்டில் வருவதே இல்லை. தட்டு விழுந்த பிறகு பக்கவாட்டில் நுழைகிறது. எதுவும் ஒரு பாரைத் தாண்டவில்லை. அதற்கு மேல் நீண்டால் பாத்திரம் திரையில் வந்து பேச ஆரம்பித்த பிறகும் துணுக்கு ஓடிக்கொண்டிருக்கும். மெலட்டூர் பாகவத மேளாவில் ஒவ்வொரு பாத்திரமும் தனக்கென்று ஒரு பிரவேச தருவோடு, அதாவது நுழைவுப் பாட்டோடு, மேடைக்கு வரும். அங்கே நடிகர் ஆடி வர நேரம் உண்டு. விளையாட்டில் நரி அரை நொடியில் திரைக்குள் வந்து நிற்கும்.

சுரங்களைக் கவனித்தால் எல்லாம் மோகன ராகம்: ச ரி க ப த, இங்கே ‘ச’ என்பது C. இது ரசனைக்காக எடுத்த முடிவு அல்ல, அவசியத்துக்காக எடுத்தது. லூப்பின் எந்த இடத்தில் குழந்தை நரியைத் தொடும் என்று நமக்குத் தெரியாது. முதல் முயற்சியில் லூப்பின் அடியில் C, F, G என்று கார்டுகளை, அதாவது சேர்ந்தொலிக்கும் சுரக் கூட்டங்களை, மாற்றிக்கொண்டே போனேன். பாட்டியின் நீண்ட ‘க’ C-யின் மேல் விழுந்தால் இனிக்கும். F-இன் மேல் விழுந்தால் காந்தாரமான ‘க’வும் F ஆகிய மத்தியமமும் அரைச்சுர இடைவெளியில் உரசும். பத்துத் தடவை சோதித்தால் மூன்று தடவை ஏதோ பிசகியது போலக் கேட்கும். எங்கே பிசகு என்று பிடிபடாது, ஏனென்றால் ஒவ்வொரு தடவையும் வேறு இடத்தில் விழுகிறது. மோகனத்தின் ஐந்து சுரங்களுக்குள் எந்த இரண்டுக்கும் நடுவிலும் அரைச்சுர இடைவெளி கிடையாது. எது எதன் மேல் விழுந்தாலும் பெரிதாகக் கடிக்காது. LMMS-இன் Piano Roll சாளரத்தில் ஸ்கேல் பெட்டியில் Major pentatonic என்பதைத் தேர்ந்து, இடப்பக்கம் C கட்டையில் வலது கிளிக் செய்து Mark current scale கொடுத்தால் இந்த ஐந்து வரிசைகளும் நிறமாகத் தெரியும். வெளியே போனால் கண்ணே சொல்லிவிடும்.

அப்படியென்றால் நரியும் மோகனத்தில் சிரித்துக்கொண்டுதானே வரும்? வந்தது. வடையைத் திருட வரும் நரி, வடை வாங்க வந்த மாதிரி இருந்தது. மோகனத்தின் தைவதமான ‘த’வை ஆதாரமாக வைத்துக் கிரக பேதம் செய்தால் சுத்த தன்யாசி ராகம் கிடைக்கும் என்பது சங்கீதம் படித்தவர்களுக்குத் தெரிந்ததுதான். அதே ஐந்து சுரம், ஆனால் முகம் வேறு, நிழல் விழுந்த முகம். அதனால்தான் நரியின் துணுக்கு ‘த’வில் தொடங்கி ‘த’விலேயே முடிகிறது. ஆனால் அது மட்டும் போதாது என்று பிறகுதான் உறைத்தது. அடியில் லூப் ‘ச’வையே பிடித்துக்கொண்டிருந்தால், காது ‘த’வை ஆதாரமாக ஏற்காது, மோகனத்தின் தைவதம் என்றே கேட்டுக்கொள்ளும். ஆதாரத்தை நகர்த்த, காது கேட்கும் மிகத் தாழ்ந்த சுரம் ‘த’வாக இருக்க வேண்டும். எனவே நரியின் கோப்பிலேயே, லூப்பின் அடி ஒலியான பேஸ் ‘ச’வுக்குக் கீழே ஒரு நீண்ட மந்தர ஸ்தாயி ‘த’ போட்டேன். நரி வரும் அந்த ஒரு பாருக்குத் தரையே சாய்ந்துவிடுகிறது. இதற்கு வழவழப்பான சைன் ஒலி உதவாது, போன் ஸ்பீக்கர் அதை விழுங்கிவிடும். LMMS-இன் TripleOscillator கருவியில் ரம்பப்பல் வடிவத்தை வைத்தால் மேல் ஒலிகள் வழியாகவாவது கேட்கும். லூப்பின் பேஸ் கடைசிவரை ‘ச’விலேயே நின்றால்தான் இந்த வித்தை பலிக்கும். அது ‘ப’வுக்குப் போனால் ‘த’வும் ‘ப’வும் ஆழத்தில் நெருங்கிக் குழம்பும். ஒரே சுருதியா, சலிக்காதா என்று கேட்பவர்களுக்கு, தம்பூரா சலிப்பதில்லையே என்பதுதான் என் பதில்.

வேகத்தில் ஒரு அற்பத் தவறு. லூப் 100 பிபிஎம், அதாவது நிமிடத்துக்கு நூறு பீட். துணுக்குகளைத் தனித்தனி புராஜெக்டாகத் திறந்து செய்தேன். LMMS-இல் புது புராஜெக்ட் 140-இல்தான் திறக்கும். மாற்ற மறந்துவிட்டேன். காகம் ஏன் இப்படிப் பதறுகிறது என்று ஒரு மாலை முழுக்க நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். எல்லாத் துணுக்கும் லூப் இருக்கும் அதே புராஜெக்டில் தனித் தனி ட்ராக்காக இருக்கட்டும். ஏற்றுமதி செய்யும்போது மற்றதை மியூட் செய்தால் போதும்.

வேகம் ஒன்றானாலும், தொட்ட கணத்திலேயே துணுக்கு ஒலித்தால் தாளம் தப்பும். அடுத்த பீட் வரை காத்திருக்கச் செய்ய வேண்டும். 100 பிபிஎம்மில் ஒரு பீட் 0.6 நொடி, எனவே அதிகபட்சத் தாமதமும் அவ்வளவுதான். அந்த நேரத்தில் நரி நடந்து வரட்டும். விளையாட்டைக் கட்டிய கோடோ 4 மென்பொருளில் நாங்கள் செய்தது இது:

```
var beat = 0.6
var t = bgm.get_playback_position()
await get_tree().create_timer(beat - fmod(t, beat)).timeout
nari.play()
```

நரியின் துணுக்கு மௌனத்தில் தொடங்குவது இதற்கு முக்கியம். அந்த அரை பீட் மௌனத்தையும் சேர்த்துத்தான் கோப்பை ஏற்றுமதி செய்ய வேண்டும். வெற்றிடம்தானே என்று முன்பக்கத்தை வெட்டிவிட்டால் நரி தட்டின் மேலேயே குதித்து, காகத்தின் தம்பி ஆகிவிடும்.

இனி எல்லோரும் தடுக்கி விழும் இடம், லூப்பின் தையல். எங்கள் லூப் எட்டு பார். ஒரு பார் 2.4 நொடி, மொத்தம் 19.2 நொடி. LMMS-இல் சாதாரணமாக ஏற்றுமதி செய்தால், கடைசி ஒலிகள் அடங்குவதற்காக அதுவே ஒரு பார் கூடுதலாகச் சேர்க்கும். அதைச் சுழலவிட்டால் ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் 2.4 நொடி ஓட்டை. ஏற்றுமதிப் பெட்டியில் Export as loop என்று ஒரு தேர்வு உண்டு. அதை டிக் செய்தால் கூடுதல் பார் போய்விடும். பலர் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். ஓட்டை போய்விடும், ஆனால் எட்டாவது பாரின் கடைசி நோட்டும் அதன் எதிரொலியும் கத்தியால் அறுத்ததுபோல நிற்கும். முதல் பார் வறட்டென்று தொடங்கும். காதுக்கு அது ஒரு சின்னத் தடுமாற்றமாக, யாரோ மூச்சைப் பிடித்த மாதிரி கேட்கும்.

இதற்கு மருந்து எளிது. Song-Editor-இல் எட்டு பாரையும் நகலெடுத்து இன்னொரு முறை பின்னால் ஒட்டுங்கள். பதினாறு பாரையும் WAV ஆக எடுங்கள். ஒலியை வெட்டி ஒட்டும் ஆடாசிட்டி மென்பொருளில் திறந்து இரண்டாவது சுற்றை, 19.2 நொடியிலிருந்து 38.4 நொடி வரை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை நீக்குங்கள். இந்த இரண்டாம் சுற்றின் தொடக்கத்தில் முதல் சுற்றின் எதிரொலி ஏற்கனவே கலந்திருக்கிறது. அதனால் முடிவில் அறுபடும் எதிரொலி, திரும்பத் தொடங்கும் இடத்தில் விட்ட இடத்திலிருந்து தொடரும். அளவைக் கண்ணால் பிடிக்காதீர்கள். ஆடாசிட்டியில் நேரத்தைச் சாம்பிள் என்ற மிகச் சின்ன ஒலித் துளிகளின் கணக்கில் காட்டச் சொல்லலாம். 44100 ஹெர்ட்ஸில் 19.2 நொடி என்பது 846720 சாம்பிள், ஒன்று கூடவோ குறையவோ கூடாது.

இவ்வளவும் செய்துவிட்டு MP3 ஆகச் சேமித்தால் எல்லாம் வீண். MP3 ஒலியை 1152 சாம்பிள் கொண்ட கட்டங்களாக அடுக்கும், சுருக்கும்போது முன்னாலும் பின்னாலும் கொஞ்சம் மௌனத்தையும் சேர்க்கும். எங்கள் 846720 அந்தக் கட்டங்களில் மிச்சமில்லாமல் 735 ஆக அடங்கும் எண்தான். ஆனாலும் சுழலும்போது விக்கல் கேட்டது, முன்னால் சேர்ந்த மௌனம் நம் கணக்குக்குக் கட்டுப்படுவதில்லை. OGG தன் சரியான நீளத்தைக் கோப்பிலேயே குறித்துவைக்கும், அதில் இந்தத் தொல்லை இல்லை. கோடோவில் அந்தக் கோப்பின் Import பகுதியில் Loop தேர்வைப் போட மறந்தால் பாட்டு ஒரு முறை ஓடிவிட்டு நின்றுவிடும். அதையும் தையல் பிரச்சினை என்று நினைத்துக் கோப்பை மறுபடி வெட்டியவர்களில் நானும் ஒருவன்.

ஒலி அளவைப் பற்றி ஒரே வார்த்தை: லூப்பைத் தனியாகக் கேட்டு அளவு வைக்காதீர்கள், துணுக்கு ஒலிக்கும்போது வையுங்கள். தனியாகக் கேட்டால் எப்போதும் கூட்டத்தான் கை போகும்.

கடைசியாக லூப்பிலிருந்து நீக்கியது ஒரு மணியோசை. ஐந்தாவது பாரில் அழகாக ஒரே ஒரு தடவை ‘டிங்’ என்று அடிக்கும்படி போட்டிருந்தேன், எனக்கு மிகவும் பிடித்த இடம் அது. லூப்பை ஓடவிட்டுவிட்டு அடுப்படியில் பாத்திரம் தேய்க்கப் போனேன். 19.2 நொடிக்கு ஒரு தடவை அந்த மணி. நிமிடத்துக்கு மூன்று. மற்ற எதுவும் காதில் விழவில்லை, மணிக்காகக் காத்திருக்கவே ஆரம்பித்துவிட்டேன். அடுத்த அறையிலிருந்து என் அக்கா மகள் கேட்டாள், “மாமா, வாசல்ல யாரு?”