செக் வால்வை எந்தப் பக்கம் பார்த்துப் பூட்டுவது? மலையில் தண்ணீர் ஏற்றுபவர்களுக்கு

"ராத்திரி நெறைச்சு வச்ச டேங்க், காலையில பாத்தா பாதிதான் இருக்கு மாப்ள. பைப்பு எங்கயும் ஒழுகல. நானே நடந்து பாத்துட்டேன்."

கொட்டகலைப் பக்கம் இருக்கும் மாமா இப்படிக் கூப்பிட்டுச் சொன்னபோதே பாதி புரிந்துவிட்டது. அவர் வீடு மேட்டில், கிணறு கீழே ஓடையோரம். கிணற்றடி மோட்டரிலிருந்து டேங்க் வரைக்கும் உயரம் 22 மீட்டர். ஒரு இஞ்சி பிவிசி பைப் சரிவில் ஏறிப் போகிறது. பைப்பை மிச்சம் பிடிக்க வேண்டுமென்று டேங்கின் அடிப்பக்கமாகவே இணைத்திருந்தார். தண்ணீர் ஏறுவதும் வீட்டுக்கு இறங்குவதும் அந்த ஒரே பைப்பில்தான். டேங்கின் மேல்பக்கமாகத் தண்ணீர் விழும்படி இருந்திருந்தால், திரும்பி இறங்குவது பைப்பில் நிற்கும் தண்ணீர் மட்டும்தான். அடியில் இணைத்தால் டேங்க் முழுவதுமே கிணற்றுக்குத் திரும்பலாம். ஏறிய தண்ணீரை அப்படித் திரும்ப விடாமல் தடுக்க வேண்டியது செக் வால்வு.

முதல் வேலை: வால்வுதானா என்று பாருங்கள்

மோட்டரின் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். பிறகு மோட்டரின் தலையில் தண்ணீர் ஊற்றும் மூடியை ஸ்பானரால் மெதுவாக, ஒரு சுற்று மட்டும் தளர்த்துங்கள். செக் வால்வு நன்றாக மூடியிருந்தால் கொஞ்சம் தண்ணீர் கசிந்து நின்றுவிடும். நிற்காமல் பீறிக்கொண்டே வந்தால், மேலே இருக்கும் டேங்க் உங்கள் ஸ்பானருக்கு நேரே வந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். 22 மீட்டர் உயரம் என்றால் ஏறக்குறைய 2.2 பார் அழுத்தம். மூடியை முழுதாகக் கழற்றிவிடாதீர்கள், கையிலிருந்து பறக்கும்.

மாமா வீட்டில் பீறியது. கிணற்றுக்குள் பைப் நுனியில் தண்ணீரைத் திரும்ப விடாமல் பிடிக்கும் ஃபுட் வால்விலும் இலை சிக்கியிருந்தது, அது வேறு கதை. அது நன்றாக இருந்திருந்தால் இந்தக் குறை இன்னும் பல மாதம் வெளியே தெரிந்திருக்காது.

மோட்டரை விட்டு வெளியே வந்ததும், தரையோடு கிடந்த மட்டமான பைப்பில் உள்ளே தகடு தொங்கும் பித்தளை ஸ்விங் செக் வால்வு ஒன்று பூட்டியிருந்தது. அம்புக்குறி சரியாக டேங்கைப் பார்த்தே இருந்தது. ஆனால் வால்வின் மேல்மூடி, வானத்தைப் பார்க்காமல் பக்கவாட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

வால்வைக் கையில் வைத்துப் பாருங்கள்

புதிதாக வாங்கியதும் டேப் சுற்றுவதற்கு முன் இதைச் செய்யுங்கள். ஸ்விங் வால்வைக் கழுவி, மூடி மேலே இருக்கும்படி மட்டமாகப் பிடியுங்கள். அம்பின் வால் பக்கமிருந்து ஊதினால் காற்று போகும், உள்ளே தகடு 'டக்' என்று அசைவது கேட்கும். தலைப் பக்கமிருந்து ஊதினால் போகாது. இப்போது அப்படியே கால் சுற்று உருட்டி, மூடியைப் பக்கவாட்டுக்குக் கொண்டுவந்து ஊதிப் பாருங்கள். தலைப் பக்கமிருந்தும் காற்று நழுவும். உள்ளே எட்டிப் பார்த்தால் காரணம் தெரியும்: மேலே ஒரு ஊசியில் தொங்க வேண்டிய தகடு, இப்போது வீட்டுக் கதவு போலப் பக்கத்தில் தொங்குகிறது. கதவைத் திறந்துவிட்டால் அது தானாகச் சாத்திக்கொள்ளுமா? விட்ட இடத்தில்தான் நிற்கும்.

எந்த செக் வால்வை எடுத்தாலும் நான் கேட்பது ஒன்றுதான். தண்ணீர் நின்றதும், வழியை அடைக்கும் பாகத்தைத் திரும்ப அதன் இருக்கைக்கு, அதாவது அது உட்கார்ந்து மூடும் விளிம்புக்கு, அனுப்புவது எது? ஸ்விங்கில் தகட்டின் சொந்தக் கனம். போல் வகையில் உருண்டையின் கனம். ஸ்பிரிங் வகையில் கம்பிச்சுருள். கனத்தை நம்பும் இரண்டுக்கும் மேல், கீழ் என்ற கணக்கு உண்டு. சுருளுக்கு அது இல்லை.

ஸ்விங் வால்வு

மட்டமான பைப்பில் பூட்டலாம், மூடி நேர் மேலே இருக்க வேண்டும். நிமிர்ந்து நிற்கும் பைப்பிலும் பூட்டலாம், தண்ணீர் கீழிருந்து மேலே போகும் இடமென்றால் மட்டும். அங்கே மூடி எந்தப் பக்கம் திரும்பியிருந்தாலும் பரவாயில்லை, தகடு எப்படியும் கீழே விழுந்து இருக்கையை மூடும். மேலிருந்து கீழே தண்ணீர் வரும் பைப்பில் பூட்டவே கூடாது. தகடு எப்போதும் திறந்தே தொங்கும்.

நம் ஊரில் பைப் மட்டமாகவும் ஓடாது, செங்குத்தாகவும் நிற்காது, சரிவில்தான் போகும். தண்ணீர் சரிவில் ஏறினால், மூடி மேலே இருக்கும் வரை ஸ்விங் ஒழுங்காக வேலை செய்யும். தண்ணீர் சரிவில் இறங்கினால் இருக்கை முன்பக்கமாகச் சாய்ந்துவிடும், நேர்கீழாகத் தொங்கும் தகட்டுக்கும் அதற்கும் இடையில் இடுக்கு விழும். சரிவு லேசாக இருப்பதாகக் கண்ணுக்குத் தோன்றலாம். கண்ணை நம்பாமல் ரசமட்டம் வைத்துப் பாருங்கள்.

புதியவர்கள் அதிகம் வழுக்குவது பூட்டும்போதுதான். ஒரு இஞ்சி வால்வை முறுக்கிக்கொண்டே போவோம், இறுகும் இடத்தில் மூடி பக்கவாட்டில் வந்து நிற்கும். இன்னும் கால் சுற்று முறுக்கினால் பிவிசி சொக்கட் வெடித்துவிடுமோ என்று பயம், திருப்பினால் கசியும். அப்படியே விட்டுவிடுவார்கள். மாமாவின் வால்வை யாரோ ஒரு பாஸ் இப்படித்தான் விட்டுப் போயிருந்தார். வழி எளிது. வால்வுக்குப் பக்கத்தில் ஒரு யூனியன் போடுங்கள். வால்வை முதலில் இறுக்கிவிட்டு, யூனியனைத் தளர்த்தி, மூடி மேலே வரும்படி பைப்போடு சேர்த்துத் திருப்பிய பிறகு யூனியனை இறுக்கலாம். வால்வை ஒரு ஸ்பானரால் பிடித்துக்கொண்டு இன்னொன்றால் முறுக்குங்கள்; ஒரே ஸ்பானரில் முறுக்கினால் பாரமெல்லாம் பிவிசியில் இறங்கும்.

மோட்டர் வாய்க்கோ எல்போவுக்கோ ஒட்டிப் பூட்டவும் வேண்டாம். பைப் விட்டத்தைப்போல் ஐந்து மடங்கு நேர் பைப் இருக்கட்டும். ஒரு இஞ்சிக்கு ஐந்து இஞ்சி. சுழித்துக்கொண்டு வரும் தண்ணீர் தகட்டைப் படபடவென்று அடிக்கவைத்து ஊசியைத் தேய்த்துவிடும்.

மாமா வீட்டில் மூடியை மேலே திருப்பினோம். கசிவு நின்றது. ஆனால் மோட்டரை நிறுத்திய அடுத்த வினாடி 'டமார்' என்று ஒரு அடி, சுவரில் அடித்த கிளிப் ஒன்று கழன்றே விட்டது.

ஸ்பிரிங் வால்வு

அந்த 'டமார்' எங்கிருந்து வருகிறது? மோட்டர் நின்றதும் மேலே போன தண்ணீர் தயங்கி நின்று, பிறகு கீழே திரும்புகிறது. ஸ்விங் தகடு தாமதமாகத்தான் மூடும். அதற்குள் 22 மீட்டர் ஏற்றத்தில் நிற்கும் தண்ணீர் வேகம் பிடித்துவிடும். வினாடிக்கு அரை மீட்டர் வேகத்தில் திரும்பும் தண்ணீரைச் சட்டென்று நிறுத்தினால், பிவிசி பைப்பில் ஏறக்குறைய 2 பார் அழுத்தம் கூடுதலாக எகிறும். ஜிஐ பைப்பில் அது 6 பாரையும் தாண்டும். உயரமான ஏற்றத்தில் ஸ்விங்கை எனக்குப் பிடிக்காததற்கு இதுதான் காரணம்.

ஸ்பிரிங் வால்வில், தண்ணீரின் வேகம் குறையக் குறையவே சுருள் தட்டைத் தள்ளிக்கொண்டு வரும். தண்ணீர் திரும்புவதற்கு முன்பே மூடிவிடும். வீட்டு அளவு வால்வை மட்டம், ஏற்றம், இறக்கம், பக்கவாட்டு என எப்படியும் பூட்டலாம். அம்பு மட்டும் தண்ணீர் போகும் திசையைப் பார்க்க வேண்டும். மாமாவுக்கு, மோட்டரிலிருந்து நிமிர்ந்து போகும் பைப்பில் இதைப் போட்டோம். சத்தம் அன்றோடு போனது.

ஆனால் சுருளைத் தள்ளித் திறக்க அழுத்தம் செலவாகும். சிறிய வால்வுகள் பலவற்றில் அது 0.03 முதல் 0.05 பார் வரை, அதாவது 30 முதல் 50 சென்டிமீட்டர் தண்ணீர் உயரம். மோட்டருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. மேட்டிலிருந்து தானாக இறங்கி வரும் பீலித் தண்ணீருக்கு அப்படியில்லை.

மாமாவின் டேங்குக்குப் பீலியிலிருந்தும் ஒரு பைப் வருகிறது. அதுவும் அதே அடிப்பைப்பில்தான் சேர்கிறது, அதனால் மோட்டர் ஓடும்போது தண்ணீர் பீலிக்கே ஏறிப் போகாமலிருக்க அங்கேயும் ஒரு செக் வால்வு வேண்டும். பீலியின் மட்டம், டேங்க் நிறைந்த மட்டத்தைவிட 80 சென்டிமீட்டர்தான் மேலே. அங்கே ஸ்பிரிங் போட்டால், டேங்க் நிறையும் நேரத்தில் மிஞ்சியிருக்கும் தள்ளுவிசையில் பாதியை சுருளே தின்றுவிடும். வெயில் காலத்தில் நூலாக வரும் தண்ணீர் அதோடு நின்றாலும் நிற்கும். அதனால் கழற்றிய பழைய ஸ்விங்கையே அங்கே போட முடிவு செய்தோம். அது திறக்கச் சில சென்டிமீட்டர் தண்ணீர் போதும். பீலிப் பைப் முழுக்க இறக்கம் என்பதால், டேங்குக்குக் கிட்டத்தில் ஒரு முழத் துண்டை செங்கல் முட்டுக் கொடுத்து மட்டமாக்கி, மூடி மேலே பார்க்கும்படி பூட்டினோம்.

போல் வால்வு

கடையில் சும்மா "போல் வால்வு" என்று கேட்டால், கைப்பிடி வைத்த, திறந்து மூடும் வால்வைத்தான் எடுத்துத் தருவார்கள். "தண்ணி திரும்பாத போல் வால்வு, உள்ள உருண்டை உருளுமே, அது" என்று கேளுங்கள்.

மழைக்காலத்தில் ஓடைத் தண்ணீர் இலையும் சேறுமாக வரும்போதும், கழிவுநீர் மோட்டருக்கும் இது நல்லது. உருண்டை ஒவ்வொரு தடவையும் உருண்டு வேறு முகத்தோடு உட்காருவதால் குப்பை அதிகம் ஒட்டாது. ஊசி, சுருள் என்று இலை மாட்டிக்கொள்ளும் இடமும் உள்ளே இல்லை. தண்ணீர் மேல்நோக்கிப் போகும் நிமிர்ந்த பைப்தான் இதற்குச் சரியான இடம், உருண்டை நேராக இருக்கைமேல் விழும். மட்டமான பைப்பில் பூட்ட வேண்டுமென்றால், பக்கத்தில் சாய்வாக ஒரு கிளை முளைத்த உடம்புள்ள வகையை வாங்கி, கிளை மேலே பார்க்கும்படி வைக்க வேண்டும். தண்ணீர் ஓடும்போது உருண்டை அந்தக் கிளைக்குள் ஏறி ஒதுங்கும், நின்றதும் உருண்டு இறங்கும். கிளையைக் கீழே திருப்பினால் உருண்டை அங்கேயே படுத்துவிடும், சேறும் அதில்தான் சேரும். தண்ணீர் கீழே இறங்கும் பைப்பில் சுருளில்லாத உருண்டை உதவவே உதவாது.

இன்னொன்று: இருக்கையில் உருண்டை இறுக உட்கார, திரும்பி வரும் தண்ணீர் அதை அழுத்த வேண்டும். டேங்க் ஒரு மீட்டர் உயரத்தில்தான் என்றால் சொட்டுச் சொட்டாகக் கசியலாம். 22 மீட்டரில் அந்தப் பேச்சே இல்லை.

பூட்டிய பிறகு

டேங்கை நிறைத்து, மோட்டரை நிறுத்தி, டேங்கில் தண்ணீர் நிற்கும் மட்டத்தை சோக்கால் கோடு போடுங்கள். அன்று இரவு வீட்டுக் குழாய்கள் எல்லாம் மூடியிருக்கட்டும். பீலி போல வேறு தண்ணீர் வந்து சேர்ந்தால் அதையும் அடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் குறைவது தெரியாது. காலையில் கோடும் தண்ணீரும் ஒரே இடத்தில் இருந்தால் சரி. இறங்கியிருந்தால் மறுபடி மோட்டர் மூடியை ஒரு சுற்றுத் தளர்த்திப் பாருங்கள். அங்கே பீறினால் செக் வால்வு. கசிந்து நின்றுவிட்டால் தண்ணீர் வேறு எங்கோ போகிறது.

மாமா விடியற்காலையிலேயே டேங்க் மேல் ஏறிப் பார்த்துவிட்டு அழைத்தார். "கோடு அங்கயேதான் இருக்கு. ஆனா சோக்கு அழிஞ்சிரும் போல, பெயின்டு வாங்கிட்டு வா."