"ஆழம் இல்லை" என்று கைடு எழுதினால்

ஏரிப் பாசனம் பற்றிய என் ஆய்வேட்டின் மூன்றாம் இயலின் ஓரத்தில் கைடு எழுதியிருந்தது இரண்டே சொல்: "ஆழம் இல்லை". "கொஞ்சம் விளக்க முடியுமா சார்?" என்று கேட்டால் "இன்னும் படிங்க" என்றுதான் பதில் வரும். அதனால், ஊரார் கூடி ஏரியைப் பராமரிக்கும் குடிமராமத்து பற்றிய ஒரே ஒரு பத்தியை எடுத்துக்கொண்டு இப்படி மெயில் அனுப்பினேன்:

"வணக்கம் சார். பம்புசெட் கிணறுகள் பெருகியதும் குடிமராமத்து குறைந்தது என்று 14ஆம் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். இங்கே எது போதவில்லை? (அ) மற்ற ஆய்வுகளோடு ஒப்பிட வேண்டுமா? (ஆ) குறைந்ததற்கான காரணத்தை என் களத் தரவிலிருந்து காட்ட வேண்டுமா? (ஆ) என்றால் எப்படி எழுதுவேன் என்று கீழே ஒரு பத்தி மாதிரி வைத்திருக்கிறேன். இந்தப் போக்கு சரியென்றால் மற்ற பகுதிகளையும் இப்படியே திருத்திவிடுகிறேன்."

பதில் அன்றிரவே வந்தது. "ஆ. கிணறு உள்ளவரும் இல்லாதவரும் ஒரே நேரத்திலா விலகினார்கள்?"

எனக்கு வேண்டியிருந்தது அந்தக் கேள்விதான். பேட்டிக் குறிப்புகளைக் கிணறு உள்ளவர், இல்லாதவர் என்று பிரித்துப் படித்தேன். கிணற்றுக்காரர்கள் முதலில் ஒதுங்கியிருந்தார்கள். ஆள் குறைந்து வேலை தங்கள் தலையில் விழுந்த பிறகே மற்றவர்கள் விட்டிருந்தார்கள். இயலின் வாதமே அதுவாயிற்று. கூடுதலாக மேற்கோள் எதுவும் சேர்க்கவில்லை.

கைடு இயலை மேலோட்டமாகத்தான் புரட்டியிருக்கிறார் என்றால் இந்த மெயில் உதவாது. அப்போது அச்செடுத்த அந்த ஒரு பக்கத்தோடு நேரில் போய் உட்காருவதுதான் வழி.