கள்ளு குடித்தால் ஆன்டிபயாடிக் வேலை செய்யாதா? பலரும் செய்யும் தவறுகள்

கேரளத்தில் கொழிஞ்சாம்பாறை, சித்தூர்ப் பக்கம் சனிக்கிழமை கூலி வாங்கிய கையோடு கள்ளுக்கடைக்குப் போகிறவர்கள் நிறைய. தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை என்பதால் பொள்ளாச்சிப் பக்கமிருந்து கோபாலபுரம் தாண்டி வருகிறவர்களும் உண்டு. மருந்துக்கடையில் நிற்கிற எனக்கு இவர்களில் பலர் பழக்கம். ஆன்டிபயாடிக் சாப்பிட்டுக்கொண்டிருப்பவர் அன்றைக்கு ராத்திரி மாத்திரையை மட்டும் போடாமல் விட்டுவிடுவார். ஏன் என்று கேட்டால், "குடிச்சா மருந்து செத்துப் போயிருமுங்க, எதுக்கு வீணாப் போடோணும்?" என்பார்.

அப்படிப் பெரும்பாலான மருந்துகள் செத்துப் போவதில்லை. அமாக்சிசிலின், செஃபாலெக்சின், செஃபிக்சிம், அசித்ரோமைசின், சிப்ரோஃப்ளாக்சசின் என்று டாக்டர்கள் அடிக்கடி எழுதுகிற மாத்திரைகளை அளவோடு குடிக்கிற மது ஒன்றும் செய்துவிடாது. அமாக்சிசிலின் குடலிலிருந்து ரத்தத்தில் சேர்வது கொஞ்சம் தாமதமாகலாம், சேருகிற மொத்த அளவு குறைவதில்லை. காய்ச்சலோடு குடித்தால் உடம்பில் நீர் வற்றும், தூக்கம் கெடும், தேறுவது தள்ளிப்போகும். வயிற்றுப்புண் உள்ளவர் டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரையும் சேர்த்துப் போட்டிருந்தால் ரத்தக்கசிவு வரைக்கும் போகலாம். அதனால் நோய் தீரும்வரை குடிக்காமல் இருப்பதே நல்லது. ஆனால் மருந்து வீணாகிவிடும் என்பது அதற்குக் காரணம் இல்லை.

எனவே முதல் தவறு, குடித்ததற்காக மாத்திரையை விடுவது. அமாக்சிசிலின் மாதிரி மருந்து சில மணி நேரத்திலேயே சிறுநீரில் வெளியேறிவிடும். எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை போடச் சொல்வது அதனால்தான். ராத்திரி மாத்திரையை விட்டால் காலைவரை கிருமிக்கு எதிராக ரத்தத்தில் எதுவும் இருக்காது. கெடுதல் செய்தது கள்ளு இல்லை, விட்டுப்போன மாத்திரை.

சரி, அப்படியானால் எல்லா ஆன்டிபயாடிக்கோடும் குடிக்கலாமா என்றால், அதுதான் அடுத்த தவறு. மோதுகிற மருந்துகள் சில உண்டு. எங்கள் ஊர்க் கடைகளில் அதிகம் போவது அவற்றில் ஒரு குடும்பம், நிடசோல் என்று பெயர் முடிகிற மெட்ரோனிடசோல், டினிடசோல், ஆர்னிடசோல். பல்வீக்கம், வயிற்றுப்போக்கு, அமீபா, பெண்களுக்கு வெள்ளைப்படுதல் என்று பலதுக்கும் இவற்றை எழுதுவார்கள். வெறும் "சோல்" என்ற முடிவை வைத்துக் குழம்ப வேண்டாம். பூச்சி மாத்திரையான ஆல்பெண்டசோலும் படர்தாமரைக்குத் தரும் ஃப்ளூகோனசோலும் வேறு வகை.

இவை பெரும்பாலும் தனியாக வராமல் இன்னொரு மருந்துக்குள் ஒளிந்து வருகின்றன. வயிற்றுப்போக்குக்குத் தரும் நார்ஃப்ளாக்சசின் மாத்திரையின் பெயருக்குப் பின்னால் டி, இசட் என்று இரண்டு எழுத்து இருந்தால் உள்ளே டினிடசோலும் இருக்கிறது. ஓஃப்ளாக்சசின் மாத்திரையின் பெயருக்குப் பின்னால் ஓ, இசட் என்றிருந்தால் ஆர்னிடசோல். போன தடவை மிச்சமான அட்டையை வீட்டில் வைத்திருந்து, இந்தத் தடவை வயிறு கலக்கும்போது தானாக எடுத்துப் போட்டுக்கொள்கிறவர்களுக்கு இது தெரிய வாய்ப்பே இல்லை. அட்டையின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் சேர்மானத்தைப் பார்த்தால்தான் தெரியும்.

என்ன ஆகும்? நாம் குடிக்கிற மதுவை ஈரல் இரண்டு படியாக உடைக்கிறது. முதலில் அசிட்டால்டிஹைடு என்கிற நஞ்சாக மாற்றி, பிறகு அதைக் கெடுதல் இல்லாத அசிட்டிக் அமிலமாக்கும். இரண்டாவது படியை மருந்து தடுத்துவிட்டால் நஞ்சு தேங்கும். முகம் செவந்து சுடும், தலை வெடிக்கும், நெஞ்சு படபடக்கும், வாந்தி வரும், சிலருக்கு ரத்த அழுத்தம் இறங்கித் தலைசுற்றும். குடித்த சில நிமிடங்களிலிருந்து அரை மணிக்குள் ஆரம்பித்துவிடும். குடியை நிறுத்துவதற்கென்று கொடுக்கிற டைசல்ஃபிராம் மாத்திரை வேலை செய்வதே இந்த வழியில்தான். 1960களில் மெட்ரோனிடசோலையே குடிநோய்க்கு மருந்தாகக் கொடுத்துப் பார்த்தார்கள்.

இதில் ஒரு வாதம் இருப்பதையும் சொல்லிவிட வேண்டும். பின்லாந்தில் 12 ஆரோக்கியமான ஆண்களை வைத்துச் செய்து 2002இல் வெளியான பரிசோதனையில், மெட்ரோனிடசோல் போட்டுக் குடித்தவர்களுக்கு ரத்தத்தில் அசிட்டால்டிஹைடு கூடவே இல்லை, தொந்தரவும் வரவில்லை. எனவே எல்லாருக்கும் வரும் என்று சொல்ல முடியாது. நானும் அப்படிச் சொல்லிப் பயமுறுத்துவதில்லை. ஆனால் அவர்கள் நோயில்லாத பன்னிரண்டு பேர். ஈரலோ இதயமோ பலவீனமானவருக்கு என்ன ஆகும் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. தொந்தரவு வந்தவர்களைப் பற்றிய மருத்துவக் குறிப்புகளும் இருக்கின்றன. யாருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்ல வழியில்லாததால் எச்சரிக்கை அப்படியே நிற்கிறது.

மூன்றாவது தவறு கணக்கில் நடப்பது. ஒரு தென்னந்தோப்புக்காரருக்குக் கடைவாய்ப்பல் வீங்கி, பல் டாக்டர் அமாக்சிசிலின் 500 மில்லிகிராமும் மெட்ரோனிடசோல் 400 மில்லிகிராமும் தினம் மூன்று வேளை, ஐந்து நாளுக்கு எழுதியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மெட்ரோனிடசோல் உடம்பில் பாதியாகக் குறைய ஏறக்குறைய எட்டு மணி நேரம் ஆகும். எட்டு மணி நேரத்துக்கொரு மாத்திரை போகும்போது பழையது பாதி மிச்சமிருக்கப் புதியது சேரும். இரண்டு, மூன்று நாளில் அது ஒரு நிலைக்கு வந்துவிடும். மாத்திரை போட்டதும் உடம்பில் சுமார் 800, அடுத்த மாத்திரை நேரத்தில் சுமார் 400.

இப்போது அவர் நடுவில் ஒருநாள் சாயங்காலம் குடிக்க நினைத்து ராத்திரி மாத்திரையை விடுகிறார். அந்த நேரத்தில் ஒரு முழு மாத்திரை அளவு மருந்து அவருக்குள் ஏற்கெனவே இருக்கிறது. விட்டதால் மோதல் நின்றுவிடாது, பல்லில் இருக்கும் கிருமிக்குத்தான் லாபம். கூடவே அமாக்சிசிலினையும் விட்டிருந்தால் இரட்டை லாபம்.

வெள்ளிக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்குக் கடைசி மாத்திரையைப் போட்டு முடித்துவிட்டார் என்றால்? "மாத்திரை தீந்துதுங்க, நாளைக்குக் குடிக்கலாமல்ல" என்று கேட்பது இந்த இடத்தில்தான். வெள்ளி ராத்திரி 800 என்றால் சனி காலை ஐந்து மணிக்கு 400, மதியம் ஒரு மணிக்கு 200, சனி ராத்திரி ஒன்பதுக்கு 100. கள்ளுக்கடையில் உட்காரும் நேரத்தில் மருந்து இன்னும் இருக்கிறது. ஞாயிறு ராத்திரி பன்னிரண்டு சொச்சம், திங்கள் ராத்திரி ஒன்றரைதான். கடைசி மாத்திரைக்குப் பிறகு இரண்டு நாள் என்று சில நாட்டுக் குறிப்புகளும் மூன்று நாள் என்று சிலவும் சொல்வது இதை ஒட்டித்தான். நான் மூன்று நாள் என்றே சொல்வேன். ஈரல் கெட்டவருக்கு மருந்து மெதுவாகத்தான் கரையும், நாள்பட்டுக் குடிக்கிறவரின் ஈரல் எந்த நிலையில் இருக்கிறது என்பது பெரும்பாலும் அவருக்கே தெரியாது. டினிடசோல் பாதியாகவே பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும், அதற்குக் கட்டாயம் மூன்று நாள்.

"பிராந்திதானே ஆகாது, கள்ளு மரத்திலிருந்து வர்றது" என்பது நான்காவது. பாளையிலிருந்து பானையில் சொட்டும்போதே நொதிக்க ஆரம்பித்துவிடுகிறது, இனிப்பாக இருக்கும் இளங்கள்ளில்கூட மது இருக்கும். மூத்த கள்ளுக்கு ஐந்து சதவீதம் என்று வைத்தாலும் 650 மில்லி பாட்டிலில் முப்பது மில்லிக்கு மேல் சுத்த ஆல்கஹால். இரண்டு சின்ன பெக் பிராந்தியைவிட அது குறைச்சல் இல்லை.

குடிக்காதவர்களையும் மாட்டிவிடுவது அரிஷ்டம். பாலக்காட்டுப் பக்கம் பிரசவமான பெண்ணுக்குத் தசமூலாரிஷ்டம் கொடுப்பது வழக்கம், நம் தமிழ் வீடுகளும் அதைப் பழகிக்கொண்டுவிட்டன. அரிஷ்டம் என்பதே நொதிக்க வைத்துச் செய்வது, ஐந்திலிருந்து பத்து சதவீதம் வரை மது அதில் தானாக உண்டாகியிருக்கும். சிசேரியன் ஆனவருக்கு ஆஸ்பத்திரியில் மெட்ரோனிடசோல் கொடுத்திருந்தால், வீட்டுக்கு வந்ததும் அம்மாவோ மாமியாரோ அரிஷ்டத்தை ஊற்றிக் கொடுப்பார். முப்பது மில்லியில் மூன்று மில்லி ஆல்கஹால் என்பது சிறிய அளவுதான், பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. ஆனாலும் பிள்ளை பெற்ற உடம்புக்கு வாந்தியும் படபடப்பும் எதற்கு? மாத்திரை முடிந்து மூன்று நாள் கழித்து ஆரம்பித்தால் அரிஷ்டம் கெட்டுப்போகாது. சில இருமல் மருந்துகளுக்கும் இதே கணக்கு.

மாத்திரையாக இல்லாமல் ஊசியாகப் போகும் செஃபோபெரசோனும் மதுவோடு இதேபோல மோதும். டிஸ்சார்ஜ் ஆனவர் ஊசியின் பெயரை நினைவில் வைத்திருக்க மாட்டார், அதனால் டிஸ்சார்ஜ் சீட்டைக் கொண்டுவரச் சொல்லிப் பார்ப்பேன். லினெசோலிட் வேறு வகை. நொதித்த பானங்களில் இருக்கும் டைரமின் என்ற பொருளோடு சேர்ந்தால் ரத்த அழுத்தம் ஏறும்.

இப்படித் தெரியாமல் குடித்து முகம் செவந்து வாந்தி எடுப்பவருக்கு மாற்று மருந்து என்று தனியாக ஒன்றும் கிடையாது. குடிப்பதை நிறுத்தி, ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாந்தி நின்றதும் தண்ணீர் கொடுத்தால் சில மணி நேரத்தில் பெரும்பாலும் அடங்கும். நெஞ்சுவலி, மயக்கம், மூச்சுத் திணறல் என்றால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரி. போட்ட மாத்திரையின் அட்டையையும் கையோடு எடுத்துப்போக வேண்டும், இல்லாவிட்டால் வெறும் போதை என்று நினைத்துவிட வாய்ப்பு உண்டு.

"மருந்து வேலை செய்யாது" என்ற பேச்சு உண்மையாகிற ஓர் இடமும் இருக்கிறது. அது தினமும் குடிக்கிறவர் டாக்ஸிசைக்ளின் போடும்போது. மழைக்காலத்தில் சேற்றிலும் வாய்க்காலிலும் இறங்கி வேலை செய்கிறவர்களுக்கு எலிக்காய்ச்சல் வராமல் இருக்க, வாரம் ஒருமுறை 200 மில்லிகிராம் டாக்ஸிசைக்ளினைக் கேரள சுகாதாரத் துறை கொடுக்கிறது. வருடக்கணக்கில் தினமும் குடித்தவரின் ஈரல் இந்த மருந்தைச் சாதாரணமாக உடைப்பதைவிட வேகமாக உடைத்துவிடும், ரத்தத்தில் அளவு சீக்கிரம் இறங்கும். அன்றைக்கு ஒருநாள் குடிக்காமல் இருந்தால் சரியாகிற விஷயம் இல்லை இது, ஈரல் பழகிப்போனதன் விளைவு. எலிக்காய்ச்சலோ உண்ணிக்காய்ச்சலோ வந்து வைத்தியத்துக்காக டாக்ஸிசைக்ளின் எழுதும்போது, "எப்பவாவது குடிப்பேன்" என்று மழுப்பாமல் தினமும் உண்டு என்று டாக்டரிடம் சொன்னால், அவர் அளவையோ மருந்தையோ மாற்றுவார். காசநோய் மாத்திரை சாப்பிடுகிறவரும் இதைச் சொல்லியாக வேண்டும். அங்கே பிரச்சினை மருந்து வேலை செய்யாதது இல்லை. ஐசோனியசிட், பைரசினமைடு போன்றவையே ஈரலைப் பாதிக்கக் கூடியவை, தினமும் குடிக்கிறவருக்கு மஞ்சள் காமாலை வரும் வாய்ப்பு கூடும். கண் மஞ்சளாகி, சிறுநீர் கட்டன்சாயா நிறத்தில் போக ஆரம்பித்தால் அடுத்த வேளை மாத்திரையைப் போடுவதற்கு முன்பே டாக்டரைப் பார்க்க வேண்டும்.