விரிவு இடைவெளியைக் கலவையால் அடைக்காதீர்கள்

45 மீட்டருக்கு மேல் நீளமான கட்டடத்துக்குப் பொதுவாக விரிவு இடைவெளி வேண்டும் என்கிறது கான்கிரீட் கட்டுமானத்துக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456. காரணம் வெயில்தான். 60 மீட்டர் கான்கிரீட் தளம் 20 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் சுமார் 12 மில்லிமீட்டர் நீளும், அதற்கு இடமில்லை என்றால் கடைசி அறைகளின் சுவரைத் தள்ளி, தளத்துக்குக் கீழே படுக்கைவாக்கில் விரிசல் விழும். அதனால்தான் நடுவில் இரட்டைத் தூண் நிறுத்தி 25 மில்லிமீட்டர் போல இடைவெளி விடுகிறார்கள். அஸ்திவாரம் ஒன்றாக இருக்கலாம், அதற்கு மேலே தளம், உத்தரம், சுவர், டைல்ஸ் எல்லாமே அந்தக் கோட்டில் பிரிய வேண்டும், ஒரு கம்பிகூடக் குறுக்கே போகக் கூடாது.

பெரும்பாலும் கெடுவது பூச்சு வேலையில்தான்: இடைவெளிக்குள்ளே கலவை விழுந்து இறுகிவிடும், மேலே பூசியும் விடுவார்கள், அப்புறம் அதே கோட்டில் பூச்சு வெடிக்கும். பூசுவதற்கு முன் டார்ச் அடித்துப் பாருங்கள், விழுந்ததை எடுத்த பிறகே சீலன்ட் போடச் சொல்லுங்கள்.