மூன்று பேஸ் மின்தடத்தின் இண்டக்டன்ஸ்: ஜி.எம்.டி. சூத்திரத்துக்குள் ஒளிந்திருக்கும் இடமாற்றம்

ஒரே கிடைமட்டத்தில் மூன்று கம்பிகள் செல்லும் மேல்நிலை மின்தடம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அடுத்தடுத்த கம்பிகளுக்கு இடையே 4 மீட்டர். ஆகவே இரு ஓரக் கம்பிகளுக்கும் இடையே 8 மீட்டர். கம்பியின் ஆரம் 1 செ.மீ., உள்ளே கெட்டியானது. ஒரு பேஸுக்கு ஒரு கிலோமீட்டரில் எவ்வளவு இண்டக்டன்ஸ்?

படி 1: ஆரத்தைத் திருத்துங்கள்

மின்னோட்டம் கம்பியின் உட்பகுதியிலும் பாய்வதால் அங்கும் காந்தப் பாயம் உண்டு. அதைத் தனியாகக் கூட்டாமல், ஆரத்தைச் சற்றுக் குறைத்து எழுதிக் கணக்கில் சேர்த்துவிடுகிறோம்.

```
r' = 0.7788 × r = 0.007788 m
```

0.7788 என்ற எண் கெட்டியான உருளைக் கம்பிக்கு மட்டுமே உரியது. பல இழைகளை முறுக்கிய கம்பியென்றால், இப்படித் திருத்திய ஆரமாக அதன் தயாரிப்பாளர் அட்டவணையில் உள்ள ஜி.எம்.ஆர். மதிப்பை எடுக்க வேண்டும்.

படி 2: பெருக்குச் சராசரித் தொலைவு

இதைத்தான் ஜி.எம்.டி. என்கிறோம்.

```
Dm = (4 × 4 × 8)^(1/3) = 5.04 m
```

சாதாரணக் கூட்டுச் சராசரி ஏன் கூடாது? காந்தப் பாயத் தொடர்பில் தொலைவு எப்போதும் மடக்கைக்குள்தான் வருகிறது. மூன்று மடக்கைகளின் சராசரி என்பது, மூன்று தொலைவுகளின் பெருக்குச் சராசரிக்கு எடுத்த மடக்கையேதான். கூட்டுச் சராசரியில் 5.33 மீட்டர் வரும். விடை ஏறக்குறைய ஒரு சதவீதமே விலகும் என்பதால் பிழை கண்ணில் படாது.

படி 3: இண்டக்டன்ஸ்

```
L = 0.2 × ln(Dm / r') mH/km
  = 0.2 × ln(647.1) = 1.295 mH/km
X = 2π × 50 × L = 0.407 Ω/km
```

50 ஹெர்ட்ஸ் மின்தடத்தில், பேஸுக்கு ஒரே கம்பி இருந்தால், X என்ற ரியாக்டன்ஸ் பெரும்பாலும் 0.4 ஓமுக்கு அருகில்தான் வரும். 0.12 ஓம் போல வந்தால் ஆரத்தைச் செ.மீ.யிலேயே விட்டுவிட்டீர்கள். 0.18 ஓம் போல வந்தால் கால்குலேட்டரில் ln-க்குப் பதில் log அழுத்தியிருப்பீர்கள். படி 1-ஐ மறந்தவர்களுக்குச் சரியாக 0.05 மில்லிஹென்றி குறையும். கம்பிக்குள் இருக்கும் பாயத்தின் பங்கு அது.

இனி உண்மையான கேள்வி

நடுக் கம்பிக்கு இருபுறமும் 4 மீட்டரில் அண்டைக் கம்பிகள். ஓரக் கம்பிக்கு ஒன்று 4 மீட்டரில், மற்றொன்று 8 மீட்டரில். பிறகு எப்படி மூன்றுக்கும் ஒரே விடை? சமச்சீரான மின்னோட்டம் பாய்வதாகக் கொண்டு ஒவ்வொன்றையும் தனியாகக் கணக்கிட்டால் கிடைப்பது இது:

```
L(இடது) = 1.318 − j0.120 mH/km
L(நடு)   = 1.248 mH/km
L(வலது) = 1.318 + j0.120 mH/km
```

நடுக் கம்பியின் ரியாக்டன்ஸ் 0.392 ஓம், ஓரங்களில் 0.414 ஓம். ஆக, மின்னோட்டம் சமமாக இருந்தாலும் மின்னழுத்த வீழ்ச்சி சமமாக இராது.

அந்த j உறுப்பைப் பார்த்து மிரள வேண்டாம். எனக்கு இந்தப் பாடத்திலேயே பிடித்த இடம் அதுதான். jω ஆல் பெருக்கினால் அது மெய்யெண்ணாகி, இடது கம்பியில் கிலோமீட்டருக்கு 0.0377 ஓம் கூடுதல் மின்தடை போலவும், வலது கம்பியில் அதே அளவு எதிர்க்குறி மின்தடை போலவும் தோன்றுகிறது. 100 ஆம்பியர் பாயும்போது ஒவ்வொரு கிலோமீட்டரிலும் 377 வாட் ஒரு பேஸிலிருந்து மற்றொன்றுக்குக் காந்தப்புலம் வழியாகவே கடக்கிறது. எதுவும் வெப்பமாக வீணாவதில்லை. பேஸ் வரிசையைத் திருப்பினால் கடக்கும் திசையும் திரும்பும்.

படி 4: இடமாற்றம்

மின்தடத்தை மூன்று சம நீளப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் கம்பிகளின் இடத்தைச் சுழற்சியாக மாற்றுகிறார்கள். இதற்கென்றே தனி அமைப்புள்ள கோபுரங்கள் உண்டு. முழுத் தூரத்தையும் கடக்கும்போது ஒவ்வொரு பேஸும் இடது, நடு, வலது என மூன்று இடங்களிலும் மூன்றில் ஒரு பங்கு தூரம் சென்றிருக்கும். மேலே உள்ள மூன்று மதிப்புகளையும் கூட்டி மூன்றால் வகுத்துப் பாருங்கள்: j உறுப்புகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ள, மிஞ்சுவது அதே 1.295.

அதாவது படி 3-இன் சூத்திரம் இடமாற்றம் செய்த மின்தடத்துக்குத்தான் ஒவ்வொரு பேஸிலும் உண்மை. செய்யாத இடத்தில் அது வெறும் சராசரி. குறுகிய தடங்களில் அந்தச் சராசரியே போதுமென்று விட்டுவிடுவதும் உண்டு.

இரண்டு இடங்களில் கவனம் தேவை. பகுதிகள் சம நீளமாக இல்லாவிட்டாலோ, இடையில் ஒரு துணைமின் நிலையம் மின்னோட்டத்தில் ஒரு பங்கைப் பிரித்து எடுத்தாலோ, இந்த அழிப்பு முழுமையாக நடக்காது. மேலும், இந்தக் கணக்கு முழுவதும் மூன்று மின்னோட்டங்களின் கூட்டுத்தொகை சுழியம் என்பதன் மேல் நிற்கிறது. ஒரு கம்பி தரையைத் தொட்டு மின்னோட்டம் மண் வழியே திரும்பும்போது 1.295-ஐப் பயன்படுத்தக் கூடாது; அந்தப் பாதைக்கான இண்டக்டன்ஸ் அதைவிட மிகப் பெரியது, அதைக் கணக்கிடும் முறையும் வேறு.