எழுந்து, கழுவி, குடித்து: ஜப்பானிய 'தெ' வடிவத்தை ஒரு காலைக் கதையில் பழகுவோம்

ஜப்பானிய மொழி படிக்கத் தொடங்குபவர்கள் பலர் 'தெ' வடிவத்துக்கு வந்ததும் திணறுவார்கள். தமிழ் பேசுகிறவர்களுக்கு அந்தத் திணறலில் பாதி தேவையே இல்லை. 'எழுந்து, பல் தேய்த்து, காபி குடித்து, ஆபீசுக்குப் போனேன்' என்று நாம் வினையெச்சங்களை அடுக்குகிறோம் அல்லவா? 'தெ' வடிவம் செய்யும் முதல் வேலை அதுதான். நடுவில் வரும் வினைகளுக்குக் காலம் இல்லை. கடைசி வினை 'போனேன்' என்றால் எல்லாம் நடந்து முடிந்தது. 'போவேன்' என்றால் எல்லாம் இனிமேல்தான்.

எனவே பொருளை விட்டுவிட்டு ஒலியில் கவனம் வைப்போம். அதற்கு ஒரு சின்னக் கதை போதும்.

முதல் படி: கதையை வாய்விட்டுப் படியுங்கள்

படிக்கும் முன் ஒரு விஷயம். தமிழில் சொல்லுக்கு நடுவே தனியாக வரும் க, த இரண்டையும் 'மகன்', 'அது' என்பதுபோல மெலிதாகச் சொல்வோம். இங்கே அப்படிச் சொல்லக் கூடாது. 'தெ' என்று வந்தால் 'தெரு'வில் வரும் வல்லின ஒலி. 'கி' என்றால் 'கிளி'யில் வரும் ஒலி. கதையில் மெலிந்து ஒலிப்பவை மூன்று: 'மிகாகிமாஸ்' என்பதன் கா, 'தபெதெ' என்பதன் பெ, 'நொந்தெ' என்பதில் ந்-க்குப் பிறகு வரும் தெ. 'ஷிம்புன்' என்பதன் பு தமிழ் வழக்கப்படி தானே மெலிந்துவிடும்.

ஹனா-சான் வா ரொகுஜி நி ஒகிதெ, கஒ ஒ அராத்தெ, ஹா ஒ மிகாகிமாஸ்.
ஹனா ஆறு மணிக்கு எழுந்து, முகம் கழுவி, பல் தேய்க்கிறாள்.

சொரெகாரா, பான் ஒ தபெதெ, கோஹீ ஒ நொந்தெ, ஷிம்புன் ஒ யொமிமாஸ்.
பிறகு ரொட்டி சாப்பிட்டு, காபி குடித்து, செய்தித்தாள் படிக்கிறாள்.

ஷாத்சு ஒ கிதெ, குத்சு ஒ ஹாஇதெ, "இத்தெ கிமாஸ்" தொ இஇமாஸ்.
சட்டை போட்டு, ஷூ மாட்டி, "போயிட்டு வரேன்" என்கிறாள்.

ஒகாசான் வா "இத்தெ ரஷ்ஷாய்" தொ இஇமாஸ்.
அம்மா "போயிட்டு வா" என்கிறாள்.

ஹனா-சான் வா கைஷா எ அருஇதெ இகிமாஸ்.
ஹனா ஆபீசுக்கு நடந்து போகிறாள்.

பான் என்ற சொல் இலங்கைத் தமிழருக்குப் புதிதல்ல. அவர்கள் வீட்டுப் பாணும் ஜப்பானியப் பானும் போர்த்துக்கீசியரிடமிருந்தே வந்தவை. சட்டைக்கு 'கிதெ', ஷூவுக்கு 'ஹாஇதெ' என்று வினை மாறுவதையும் பாருங்கள். மேலே அணிவதற்கு ஒரு வினை. இடுப்புக்குக் கீழே, காலில் அணிவதற்கு வேறு வினை. ஜப்பானிய வீடுகளில் ஷூவை வாசலில்தான் மாட்டுவார்கள். அதனால் அதை மாட்டியதும் விடைபெறும் சொல் வருவது இயல்பான வரிசை.

அந்த விடைபெறும் சொல்லிலும் 'தெ' இருக்கிறது. 'இத்தெ' என்றால் போய். 'கிமாஸ்' என்றால் வருகிறேன். வீட்டை விட்டுக் கிளம்பும்போது 'போகிறேன்' என்று வெறுமனே சொல்லாமல் 'போயிட்டு வரேன்' என்பது நம் வழக்கம். அவர்களும் அதையேதான் சொல்கிறார்கள். இந்த ஒரு தொடரைப் பழகினால் 'தெ' வடிவத்தின் தொடுப்பு வேலை உங்களுக்குப் பிடிபட்டுவிடும்.

இரண்டாம் படி: மூல வினையைத் தேடுங்கள்

அகராதியில் 'தெ' வடிவம் கிடைக்காது; உகரத்தில் முடியும் மூல வினைதான் இருக்கும். கதையில் வந்தவற்றைத் திரும்ப மாற்றிப் பார்ப்போம்.

ஒகிரு, தபெரு, கிரு ஆகியவை எளியவை. 'ரு'வை எடுத்துவிட்டு 'தெ' சேர்த்தால் ஒகிதெ, தபெதெ, கிதெ. 'இரு', 'எரு' என்று முடியும் வினைகளில் பெரும்பாலானவை இந்த வகைதான். எல்லாமும் அல்ல. 'திரும்பிப் போ' என்ற பொருளுள்ள கஎரு, கஎத்தெ ஆகும். இத்தகைய சில வினைகளை எதிர்ப்படும்போது தனியே மனப்பாடம் செய்துகொள்வதுதான் வழி.

மற்ற வினைகள் கடைசி எழுத்தைப் பொறுத்து மாறும். அராஉ போல 'உ'வில் முடிந்தால் அராத்தெ. 'த்சு', 'ரு' இரண்டிலும் முடிபவைக்கும் அதே 'த்தெ'தான். நொமு, யொமு போல 'மு'வில் முடிந்தால் நொந்தெ, யொந்தெ. 'பு', 'நு' ஆகியவையும் அப்படியே. ஹாகு, அருகு போல வல்லின 'கு'வில் முடிந்தால் கு மறைந்து ஹாஇதெ, அருஇதெ. 'சு'வில் முடிபவை 'ஷிதெ' ஆகும்.

நாமும் 'கழுவு' என்பதைக் கழுவி என்றும், 'சாப்பிடு' என்பதைச் சாப்பிட்டு என்றும், 'போ' என்பதைப் போய் என்றும் விதி பார்க்காமல் மாற்றுகிறோம். ஜப்பானியக் குழந்தைகளும் கேட்டுக் கேட்டுத்தான் பழகுகிறார்கள். அட்டவணையை நெட்டுருப் போடுவதைவிடக் கதையை நாலைந்து முறை உரக்கப் படிப்பது நல்லது என்பேன்.

ஒரே ஒரு முரண்டு வினையை மட்டும் இப்போதே பிடித்துக்கொள்ளுங்கள். அருகு (நட) அருஇதெ ஆகிறது. இகு (போ) மட்டும் இஇதெ ஆகாமல் இத்தெ ஆகிறது. கதையின் கடைசி வரியில் அருஇதெயும், அதற்கு முந்தைய இரு வரிகளில் இத்தெயும் வருவது இதற்காகத்தான்.

மூன்றாம் படி: ஒற்றைத் தெயா, இரட்டைத் தெயா?

தமிழர்கள் அதிகம் இடறும் இடம் இதுதான். தமிழில் சொல் நடுவே வல்லினமாகத் 'த' வர வேண்டுமென்றால் 'அத்தை', 'பத்து' என்று இரட்டிக்க வேண்டும். அந்தப் பழக்கத்தில் 'கிதெ' என்பதை வல்லினமாகச் சொல்ல முயன்றாலே வாய் 'கித்தெ' என்று இரட்டித்துவிடும். ஜப்பானிய மொழியில் பொருளே மாறிப்போகும். கிதெ என்றால் அணிந்து; கித்தெ என்றால் வெட்டி. 'வா' என்ற வினையான குருவின் 'தெ' வடிவமும் கிதெதான். ஆகவே 'கிதெ குதாசாய்' என்றால் 'வாருங்கள்', 'கித்தெ குதாசாய்' என்றால் 'வெட்டுங்கள்'. (குதாசாயில் 'தா' மட்டும் மெலிந்து ஒலிக்கும்.)

கை தட்டிப் பழகலாம். கிதெ இரண்டு தட்டு: கி, தெ. கித்தெ மூன்று தட்டு: கி, அடுத்த தட்டில் நாக்கைப் பல்லில் அழுத்தியபடி சத்தமின்றி நிற்க வேண்டும், பிறகு தெ. இதே முறையில் ஒகிதெ மூன்று, அராத்தெ நான்கு. உங்கள் குரலைப் பதிவு செய்து கேட்டு, ஒகிதெயில் நான்கு தட்டு விழுகிறதா என்று பாருங்கள். விழுந்தால் இரட்டிக்கிறீர்கள். தட்டு மூன்றாக இருந்தும் 'தெ' மட்டும் 'அது'வில் வருவதுபோல மெலிந்து கேட்டால் எதிர்ப்பக்கம் சாய்ந்துவிட்டீர்கள்.

நான்காம் படி: கதையை நேற்றைக்கு மாற்றுங்கள்

'தெ' வடிவங்களைத் தொடாமல் வரிக்கடைசி வினைகளை மட்டும் மாற்றுங்கள். மிகாகிமாஸ் என்பது மிகாகிமாஷிதா ஆகும். யொமிமாஸ் யொமிமாஷிதா ஆகும். இஇமாஸ் இஇமாஷிதா ஆகும். இகிமாஸ் இகிமாஷிதா ஆகும். மேற்கோளுக்குள் இருக்கும் 'இத்தெ கிமாஸ்' அப்படியே இருக்கட்டும், அது ஹனா பேசியது.

ரொகுஜி நி ஒகிதெ, கஒ ஒ அராத்தெ, ஹா ஒ மிகாகிமாஷிதா.

ஆறு மணிக்கு எழுந்து, முகம் கழுவி, பல் தேய்த்தாள். எழுந்ததும் கழுவியதும் தானாகவே நேற்றைக்குப் போய்விட்டன.

அடுத்து உங்கள் சொந்தக் காலையை எழுதுங்கள். ஒரு வாக்கியத்தில் இரண்டு, மூன்று 'தெ' போதும். அதற்கு மேல் நீட்டினால் சிறுபிள்ளை மூச்சுவிடாமல் கதை சொல்வதுபோல் ஜப்பானியர் காதில் விழும். வாக்கியத்தை முடித்துவிட்டு 'சொரெகாரா' என்று அடுத்ததைத் தொடங்குங்கள். பல் தேய்த்த பிறகுதான் சாப்பாடு என்று வரிசையை அழுத்திச் சொல்ல விரும்பினால் 'தெ'யோடு 'காரா' சேருங்கள்: ஹா ஒ மிகாஇதெ காரா, பான் ஒ தபெமாஸ்.