PV வரைபடத்தில் ஒரு முழுச் சுழற்சி: வேலை, வெப்பம், அக ஆற்றல் கணக்கிடும் முறை

சுழற்சிக் கணக்கைப் பார்த்ததும் பலர் முதலில் வெப்பநிலையையும் மோல் எண்ணிக்கையையும் தேடுகிறார்கள். பெரும்பாலும் இரண்டுமே தேவைப்படாது. நல்லியல்பு வாயுவுக்கு PV = nRT என்பதால், வரைபடப் புள்ளியின் P, V இரண்டையும் பெருக்கினாலே nRT கிடைத்துவிடுகிறது. இந்த ஒரு பெருக்கலை வைத்துக்கொண்டே முழுக் கணக்கையும் முடிக்கலாம்.

உருளைக்குள் ஹீலியம் இருப்பதாகக் கொள்வோம். அது ஓரணு வாயு; அதன் அக ஆற்றல் U = (3/2)PV. சுழற்சியின் மூன்று முனைகள் இவை:

```
A: P = 400 kPa, V = 1 L
B: P = 100 kPa, V = 4 L
C: P = 100 kPa, V = 1 L
```

A-யிலிருந்து B-க்கு வெப்பநிலை மாறாமல் வாயு விரிகிறது. B-யிலிருந்து C-க்கு அழுத்தம் மாறாமல் சுருங்குகிறது. C-யிலிருந்து A-க்குப் பருமன் மாறாமல் சூடாகிறது. கிலோபாஸ்கலை லிட்டரால் பெருக்கினால் விடை நேரடியாக ஜூலில் வரும். ஆகவே PV மதிப்பு A-யில் 400, B-யில் 400, C-யில் 100 ஜூல். A-யும் B-யும் ஒரே மதிப்பைத் தருவதால், அவை ஒரே வெப்பநிலையில் இருப்பது உறுதியாகிறது.

தொடங்கும் முன் குறியைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள். இங்கே W என்பது வாயு செய்யும் வேலை; விதி ΔU = Q − W. வேதியியல் பாடத்தில் வாயுவின் மீது செய்யப்படும் வேலையை w என்று கொண்டு ΔU = q + w என எழுதுவார்கள். இரண்டும் சரியே. ஒரே கணக்கில் இரண்டையும் கலந்தால்தான் விடை தவறும்.

படி 1: A → B

வெப்பநிலை மாறவில்லை; எனவே ΔU = 0. வேலை என்பது வளைகோட்டின் கீழுள்ள பரப்பு. அழுத்தம் வழியெல்லாம் மாறிக்கொண்டே இருப்பதால், PΔV என்று போட முடியாது.

```
W = PV ln(V_B/V_A) = 400 × ln 4 ≈ 554.5 J
```

இந்த விடையைச் சரிபார்க்க ஒரு வழி உண்டு. A, B இரண்டையும் நேர்கோட்டால் இணைத்தால், அதன் கீழுள்ள சரிவகத்தின் பரப்பு (400 + 100)/2 × 3 = 750 ஜூல். வளைகோடு அந்த நேர்கோட்டுக்குக் கீழே தொய்ந்து செல்கிறது. ஆகவே விடை 750-ஐவிடக் குறைவாக வர வேண்டும். அழுத்தம் ஒருபோதும் 100-க்குக் கீழே போகாததால் 300-ஐவிட அதிகமாகவும் இருக்க வேண்டும். 554.5 இவ்விரண்டுக்கும் இடையில் இருக்கிறது.

ΔU = 0 என்பதால் Q = W = +554.5 ஜூல். 'வெப்பநிலை மாறவில்லை, ஆகவே வெப்பமும் இல்லை' என்று எழுதிவிடாதீர்கள். வெளியிலிருந்து வெப்பம் உள்ளே வந்துகொண்டே இருப்பதால்தான், வேலை செய்தும் வாயு குளிராமல் இருக்கிறது.

படி 2: B → C

அழுத்தம் நிலையாக இருப்பதால் W = 100 × (1 − 4) = −300 ஜூல். வாயு அமுக்கப்படுவதால் எதிர்க்குறி. ΔU = 1.5 × (100 − 400) = −450 ஜூல். Q = ΔU + W = −750 ஜூல். வாயு அமுக்கப்படும்போது சூடாகத்தானே வேண்டும் என்று தோன்றலாம். ஆனால் 300 ஜூல் உள்ளே வரும் அதே வேளையில் 750 ஜூல் வெப்பமாக வெளியேறுகிறது, அதனால்தான் குளிர்கிறது.

படி 3: C → A

செங்குத்துக் கோடு; கீழே பரப்பே இல்லை. W = 0, ΔU = Q = 1.5 × (400 − 100) = +450 ஜூல்.

```
            W        Q       ΔU
A→B     554.5    554.5        0
B→C    -300     -750       -450
C→A       0      450       +450
sum     254.5    254.5        0
```

ΔU நெடுவரிசையின் கூடுதல் சுழியாக வராவிட்டால், எங்கோ ஒரு குறி புரண்டிருக்கிறது. மேலே போகாமல் அதை முதலில் தேடுங்கள். W-வின் கூடுதல் சுழற்சி அடைக்கும் பரப்பு. இங்கே வலஞ்சுழியாகச் சுற்றுவதால் அது நேர்க்குறியில் வந்திருக்கிறது.

பயனுறுதிறன் காணும்போது, நிகர வேலையை உள்ளே வந்த வெப்பத்தால் மட்டுமே வகுக்க வேண்டும்: 254.5 / (554.5 + 450) ≈ 25 சதவீதம். நிகர Q-வால் வகுத்தால் எந்தச் சுழற்சிக்கும் 100 சதவீதம் வந்துவிடும்.

ஹீலியத்துக்குப் பதில் நைட்ரஜன் என்றால் 3/2 இருக்கும் இடத்தில் 5/2 வரும். வேலை நெடுவரிசை அப்படியே இருக்கும்; ΔU −750, +750 ஆகவும், B→C-யின் Q −1050 ஆகவும் மாறும். ஆனால் C-யில் 300 கெல்வின் என்றால் A-யில் 1200 கெல்வின். அந்தச் சூட்டில் நைட்ரஜன் மூலக்கூறுகள் அதிரவும் தொடங்குவதால் 5/2 துல்லியமாகப் பொருந்தாது. ஹீலியத்துக்கு இந்தச் சிக்கல் இல்லை.